ரின்யூவல் ஆனதுக்கு ஒரு நன்றி லெட்டர்: நான் ரெண்டு தடவை எழுதி கத்துக்கிட்டது

நாங்க ஜெனரேட்டர் சர்வீஸ் பண்றவங்க. திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் சைடுல நிட்டிங், டையிங், காம்பாக்டிங் யூனிட்டுங்கதான் பெரும்பாலும் நம்ம பார்ட்டி. ஆறு டெக்னீஷியன் பசங்க, ஒரு ஆம்னி, மூணு பைக், ஆபீஸ்ல என் வீட்டம்மா கணக்கு பார்க்கறாங்க, அவ்வளவுதான் கம்பெனி. வருசத்துக்கு ஒருக்கா ஏ.எம்.சி., அதாவது வருச பராமரிப்பு கான்ட்ராக்ட், ரின்யூவலுக்கு வரும், பாதிக்கு மேல மார்ச், ஏப்ரல்லயே வந்து குமிஞ்சுரும், அந்த ரெண்டு மாசம் கொட்டேஷன் போடறதும் பர்ச்சேஸ்காரங்ககிட்ட ரேட் பேசறதும் பர்ச்சேஸ் ஆர்டர், அதான் பி.ஓ., கைக்கு வர்ற வரைக்கும் நடையா நடக்கறதுமா போயிரும். பி.ஓ. வந்துச்சுன்னா ஒரு பெருமூச்சு விட்டுட்டு அடுத்த பார்ட்டிக்கு ஓடறது, நன்றின்னு தனியா யாருக்கும் ஒரு வரி எழுதுனதில்ல. அதிகபட்சம் வாட்ஸ்அப்ல கை கூப்பற பொம்மை ஒண்ணு, அதோட சரி.

இது ஒரு டையிங் யூனிட்டோட நடந்த விசயம். பேர் வேண்டாம். அங்க ஒரு 320 கே.வி.ஏ. ஜெனரேட்டர் செட்டு நம்ம ஏ.எம்.சி.ல இருக்கு, மாசம் ஒரு விசிட், கூப்பிட்டா நாலு மணி நேரத்துல ஆள் வரணும், இதுதான் பி.ஓ.ல இருக்கற கண்டிசன்.

முதல் வருசம் நல்லாத்தான் போச்சு, அந்த அக்டோபர் ராத்திரி வர்ற வரைக்கும். மழை, ஒரு மணி சுமாருக்கு கரண்ட் போயிருச்சு. கரண்ட் போன சில செகண்டுல செட்டு தானா ஸ்டார்ட் ஆகணும், அதுக்குத்தான் ஆட்டோ பேனல் வெச்சிருக்கு. பேனல் மூணு தடவை கிராங்க் பண்ணிப் பார்த்துச்சு, வெறும் டிக் டிக்குனு சத்தம், அப்பறம் ஃபெயில் டு ஸ்டார்ட்னு அலாரம் போட்டு லாக் ஆயிருச்சு. அந்நேரம் பார்த்து ஒரு சாஃப்ட் ஃப்ளோ மெஷின்ல நேவி ப்ளூ லாட் ஓடிட்டிருக்கு, 400 கிலோ, காட்டன், சோடா ஆஷ் டோசிங் நடுவுல இருக்கு. டையிங் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. தெரியாதவங்களுக்கு சொல்றேன், சாயம் துணியில போய் பிடிக்கறதே அந்த டோசிங் நேரத்துலதான், அப்ப துணி சுத்திக்கிட்டே இருக்கணும், நின்னுச்சுன்னா நின்ன இடத்துல ஒரு மாதிரி, மடிப்புல ஒரு மாதிரின்னு திட்டுத்திட்டா பிடிச்சுக்கும், அப்பறம் கரண்ட் வந்து ஓட்டி என்ன பிரயோஜனம்.

எங்களுக்கு போன் வந்தது 1:20க்கு. எங்க பையன் மழையில பைக்க எடுத்துட்டுப் போய் 3 மணிக்கு சேர்ந்தான். ஆனா அவன் போறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே அவங்க நைட் ஷிப்ட் எலக்ட்ரீஷியன் லோடு இறக்க வந்து நின்ன லாரியில இருந்து பேட்டரிய கழட்டி ஜம்ப் கொடுத்து செட்ட ஓட வெச்சுட்டார். கான்ட்ராக்ட் படி பார்த்தா நாலு மணி நேரத்துக்குள்ள போயிட்டோம், எங்க மேல தப்பே இல்ல. லாட் போச்சு.

காலையில நானே போய் பார்த்தேன். பேட்டரி சார்ஜர்ல ஃப்யூஸ் போயிருந்துச்சு. ஒண்ணும் பெரிய விசயமில்ல, பத்து ரூபா சாமான். சார்ஜர் வேலை செய்யலைன்னா பேனல் கொஞ்சம் கொஞ்சமா பேட்டரிய குடிச்சுக்கிட்டே இருக்கும், அந்த மாசம் கரண்ட் கட்டே இல்லாததால விசிட்ல ஓட்டிப் பார்த்ததத் தவிர செட்டும் ஓடல, ஓடியிருந்தா அதுலயே சார்ஜ் ஏறியிருக்கும். சரி, இருபது நாளைக்கு முன்னாடிதான எங்க பையன் விசிட் வந்துட்டுப் போனான், அவன் என்ன பார்த்தான்னு சர்வீஸ் ஷீட்ட எடுத்துப் பார்த்தா, பேட்டரி வோல்டேஜ் 27.8, ஓகேன்னு டிக் அடிச்சிருக்கான். செட்டு ஓடிட்டிருக்கும்போது பார்த்த ரீடிங் அது. ஓடற செட்டுல இன்ஜினோட ஆல்டர்னேட்டரே சார்ஜ் பண்ணும், 27, 28னு காட்டத்தான் செய்யும், அதுல சார்ஜர் உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு தெரியவே தெரியாது. செட்ட நிறுத்தி வெச்சு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும், சார்ஜர் வேலை செஞ்சா நின்ன நிலையிலயும் 27 கிட்ட நிக்கும், செய்யலைன்னா 25க்கு கீழ இறங்கிட்டே வரும். ஆக தப்பு எங்களது. அந்தப் பையனோட தப்புன்னு கூட சொல்ல மாட்டேன், ஷீட்டுல வோல்டேஜ்னு ஒரே ஒரு கட்டம்தான் இருந்துச்சு, அந்த ஷீட்ட அடிச்சுக் குடுத்தது நான்.

அவங்க எங்க கணக்குல 18,000 பிடிச்சுக்கறதா டெபிட் நோட் போட்டாங்க. நான் வாயத் தொறக்காம ஏத்துக்கிட்டேன், சார்ஜரையும் எங்க செலவுல புதுசா மாத்திக் குடுத்தேன். அந்த நேவி லாட்ட அவங்க அப்பறம் வேற ஒரு ஆர்டருக்கு கறுப்பாக்கி தள்ளிவிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், அந்த மட்டுக்கும் பரவாயில்ல.

ஏப்ரல்ல ரின்யூவல் வராதுன்னே முடிவு பண்ணிட்டேன். வேற ரெண்டு கம்பெனி எங்களவிடக் கம்மியா கொட்டேஷன் குடுத்திருக்காங்கன்னும் தெரியும். ஆனா பி.ஓ. வந்துருச்சு. ரேட்டுல கொஞ்சம் கொறச்சாங்க, அது எப்பவும் கொறைக்கறதுதான். அவங்க மெயின்டனன்ஸ் மேனேஜர்தான் எம்.டி.கிட்ட எங்களுக்காக பேசியிருக்கார்னு பின்னாடி தெரிஞ்சுது. சரி, இவங்களுக்காச்சும் ஒரு நன்றி லெட்டர் எழுதியே ஆகணும்னு அன்னைக்குத்தான் தோணுச்சு.

முதல்ல எழுதுனது இதுதான், பழைய கம்பெனி ஃபைல் ஒண்ணுல இருந்த மாடல பார்த்து எழுதுனேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் நிறுவனத்தின் மீது தாங்கள் தொடர்ந்து வைத்திருக்கும் நம்பிக்கைக்கு மனமார்ந்த நன்றி. தங்களைப் போன்ற மதிப்புமிக்க வாடிக்கையாளர்களே எங்கள் பலம். வரும் ஆண்டிலும் 24 மணி நேரமும் தடையற்ற, துரிதமான, தரமான சேவையை வழங்குவோம் என உறுதி கூறுகிறோம். எங்களிடம் ரிமோட் மானிட்டரிங் வசதியும் தற்போது உள்ளது, ஒரு வாய்ப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

நல்லாத்தான இருக்குன்னு நெனச்சேன். வீட்டம்மாகிட்ட பிரிண்ட் போடச் சொல்லிக் குடுத்தேன், அவங்க படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "இதுல அக்டோபர் எங்கீங்க?"

எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. தடையற்ற சேவைன்னு நான் யாருக்கு எழுதறேன்? ராத்திரி ஒரு மணிக்கு இருட்டுல நின்னு 400 கிலோ துணி வீணாப் போறத பார்த்த மனுசனுக்கு. அவர் இத படிச்சா ஒண்ணு சிரிப்பார், இல்லன்னா இவங்க இன்னும் அதுல இருந்து ஒண்ணும் கத்துக்கலன்னு நெனப்பார். இந்த லெட்டர அவருக்கு மட்டுமில்ல, பக்கத்து யூனிட்டுக்கும், எதிர்த்த மில்லுக்கும், ஊர்ல எவனுக்கு வேணா பேர மட்டும் மாத்தி அனுப்பலாம். அப்படி அனுப்பக்கூடிய லெட்டர்னு வாங்கறவருக்கு முதல் வரியிலயே தெரிஞ்சுரும், ரெண்டாவது வரிக்குப் போக மாட்டார்.

இன்னொரு விசயம் எனக்கு அப்ப தெரியல, எங்க ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும். பி.ஓ.ல நாலு மணி நேரம்னு இருக்கு, நான் லெட்டர்ல துரிதமா தடையில்லாமன்னு லெட்டர்ஹெட்ல கையெழுத்து போட்டு எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஏதாச்சும் தகராறுன்னு வந்தா அந்த பேப்பரையும் எடுத்து மேசையில வைப்பாங்க, நீங்களே எழுதிக் குடுத்ததுதானன்னு கேப்பாங்க. கோர்ட்டுல நிக்குமா நிக்காதாங்கறது வேற கதை, பர்ச்சேஸ் மீட்டிங்ல நிக்கும். அதனால நன்றி லெட்டர்ல பி.ஓ.ல இல்லாத எந்த வாக்கும் குடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். குடுத்தா நம்ம கையில இருக்கற ஒரு வேலையப் பத்தின வாக்கா மட்டும் இருக்கணும். "கரண்ட் போனா செட்டு கண்டிப்பா ஓடும்"னு என்னால சொல்ல முடியாது, மெஷின் அது. "மாசாமாசம் நிறுத்தி வெச்சு வோல்டேஜ் பார்ப்போம்"னு சொல்ல முடியும்.

ரிமோட் மானிட்டரிங் வரியையும் அடிச்சுட்டேன். அதுல எனக்கு ரொம்ப மனசு இல்ல, உண்மைய சொல்றேன், அந்த லெட்டர எழுத உக்காந்ததுக்கு பாதிக் காரணமே அந்த வரிதான். ஆனா நன்றி சொல்லிட்டு அதே பேப்பர்ல ஒரு சாமான விக்கப் பார்த்தா மேல சொன்ன நன்றியும் வியாபாரமாத்தான் படும். மூணு மாசம் கழிச்சு தனியா ஒரு கொட்டேஷனா குடுத்துக்கலாம், என்ன இப்ப.

ரெண்டாவதா எழுத உக்காரும்போது சும்மா வார்த்தைய தேடல, அந்த யூனிட்டோட ஃபைல எடுத்து வெச்சுக்கிட்டேன். பன்னெண்டு சர்வீஸ் ஷீட், பிரேக்டவுன் கால் ரிஜிஸ்டர், டெபிட் நோட். அரை மணி நேரம் பார்த்ததுல எனக்கே மறந்துபோன ரெண்டு விசயம் கெடச்சுது. ஒண்ணு, வருசத்துல மொத்தம் நாலு பிரேக்டவுன் கால், அதுல ரெண்டு டீசல்ல தண்ணி கலந்ததால வந்தது, அவங்க மெயின்டனன்ஸ் மேனேஜர் டேங்க் மூடிய மாத்தி, வாரம் ஒருக்கா அடியில இருக்கற தண்ணிய வடிக்கச் சொல்லி ஆளும் போட்டப்பறம் அந்த பிரச்சனை திரும்ப வரவே இல்ல. அதாவது எங்க வேலைய பாதி அவர் குறைச்சுக் குடுத்திருக்கார், அதுக்கு நாங்க ஒரு வார்த்தை சொன்னதில்ல. ரெண்டு, அக்டோபர் சம்பவத்துக்கு அடுத்த நாளே அவர் எங்க பையன திட்டாம உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்து என்ன ஆச்சுன்னு கேட்டு எழுதி வாங்கியிருக்கார். பையன் சொன்னப்ப நான் காதுலயே போட்டுக்கல.

அப்பறம் எழுதுனது இது:

"அய்யா வணக்கம். ஜெனரேட்டர் ஏ.எம்.சி.க்கான பி.ஓ. திங்கள்கிழமை கிடைத்தது, நன்றி. போன அக்டோபர்ல நடந்ததுக்கு அப்புறமும் எங்களுக்கே கொடுத்திருக்கீங்க, அது சாதாரண விஷயம் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும்.

அன்னைக்கு பேட்டரி சார்ஜர் ஃப்யூஸ் போனதை முந்தின விசிட்ல நாங்க கண்டுபிடிச்சிருக்கணும். செட்டு ஓடும்போது மட்டும் வோல்டேஜ் பார்த்ததால தவறிப்போச்சு. நவம்பர்ல இருந்து எங்க சர்வீஸ் ஷீட்ல ரெண்டு கட்டம் இருக்கு, நின்ன நிலையில ஒண்ணு, ஓடும்போது ஒண்ணு. இந்த வருஷமும் மாசாமாசம் ரெண்டும் எழுதி உங்க ஆளிடம் கையெழுத்து வாங்குவோம்.

டீசல்ல தண்ணி வந்த பிரச்சனை தீர்ந்ததுக்குக் காரணம் உங்க மெயின்டனன்ஸ் மேனேஜர் செஞ்ச ஏற்பாடு. அதுக்கப்புறம் அந்த வகையில ஒரு கால்கூட வரல. அவருக்கு எங்க எல்லார் சார்பிலும் நன்றி.

அக்டோபர் அன்னைக்கு ராத்திரி உங்க எலக்ட்ரீஷியன் லாரி பேட்டரியில ஜம்ப் கொடுத்து செட்டை ஓட வெச்சார். அவர் மட்டும் இல்லைன்னா இன்னும் நேரம் ஆகியிருக்கும். அவருக்கும் நன்றி."

அவ்வளவுதான். ஒரு பக்கம் கூட வரல. எலக்ட்ரீஷியன் வரியில மட்டும் அவர் பேரையும் போட்டு எழுதியிருந்தேன். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் கலந்துதான் இருக்கும், எம்.டி. அந்த மாதிரி பேசறவர்தான், கொட்டேஷன் பாசையில எழுதுனா அவருக்கு அது கொட்டேஷன் மாதிரியேதான் இருக்கும். டெபிட் நோட் பத்தி ஒரு வார்த்தை இல்ல, ரேட் கொறச்சதப் பத்தியும் இல்ல, பேமென்ட் லேட்டாகறதப் பத்தியும் இல்ல. இன்னொன்னு, தப்ப இப்படி எழுத்துல ஒத்துக்கிட்டது டெபிட் நோட் முடிஞ்சு கணக்கு தீர்ந்துட்டதாலதான். கணக்கு இன்னும் இழுத்துக்கிட்டு இருந்திருந்தா எழுதியிருக்க மாட்டேன், நேர்ல உக்காந்து பேசி முடிச்சுட்டுத்தான் எழுதியிருப்பேன், ஏன்னா அப்ப அது நன்றி லெட்டர் இல்ல, வாக்குமூலம்.

குடுத்த நேரத்தையும் சொல்றேன். பி.ஓ. கைக்கு வர்றதுக்கு முன்னாடி குடுத்தா அமுக்கற மாதிரி ஆயிரும், கையெழுத்து போட வெக்கறதுக்கு சோப்பு போடறாங்கம்பாங்க. இன்வாய்ஸோட சேத்து கவர்ல வெச்சா அக்கவுன்ட்ஸ்ல பிச்சு இன்வாய்ஸ எடுத்துட்டு லெட்டர அப்படியே ஃபைல்ல சொருகிருவாங்க, எம்.டி. கண்ணுக்கே போகாது. பி.ஓ. வந்த மூணாவது நாள், இன்வாய்ஸ் இன்னும் போடல, நானே நேர்ல கொண்டுபோய் எம்.டி. கையில குடுத்தேன், இன்னொரு காப்பி மெயின்டனன்ஸ் மேனேஜருக்கு. பர்ச்சேஸ்ல இருக்கறவருக்கு இதே லெட்டர் குடுக்கல, அவருக்கு அக்டோபர் கதை வேண்டியதில்ல, பி.ஓ.வ டைமுக்கு ரிலீஸ் பண்ணதுக்கு ரெண்டு வரி மெயில், அது போதும். ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டு போலாமான்னு ஒரு யோசனை இருந்துச்சு, வேண்டாம்னு விட்டுட்டேன். அங்க எக்ஸ்போர்ட் பையருங்க ஆடிட் வரும், வெண்டர்கிட்ட எதுவும் வாங்கக்கூடாதுன்னு ரிசப்ஷன்லயே போர்டு மாட்டியிருக்காங்க, தெரிஞ்சுக்கிட்டே கொண்டுபோய் அவங்கள சங்கடப்படுத்தறது எதுக்கு.

எம்.டி. என் முன்னாடியே படிச்சார். ஒண்ணும் சொல்லல, மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். "ரெண்டு கட்டம் போட்டிருக்கீங்களா, ஷீட்ட காட்டுங்க"ன்னார். நல்லவேளை ஆம்னில இருந்துச்சு, எடுத்துக் காட்டுனேன்.

இப்ப நான் பண்ண தப்ப சொல்றேன், இது யாருக்காச்சும் உபயோகமாகும்.

ரெண்டு நாள் கழிச்சு மெயின்டனன்ஸ் மேனேஜர் கூப்பிட்டார். "ஏனுங்க, நல்லதுக்குன்னு நெனச்சு எழுதிட்டீங்க, இங்க அந்த எலக்ட்ரீஷியன் பையன கூப்பிட்டு விசாரிச்சுட்டு இருக்காங்க" அப்படின்னார். எனக்கு ஒண்ணும் புரியல. விசயம் என்னன்னா, எம்.டி. லெட்டர அவங்க சேஃப்டி பார்க்கற ஆபீசருக்கு பெருமையாத்தான் குடுத்திருக்கார், நம்ம பையன் எவ்வளவு சமயோசிதமா பண்ணியிருக்கான் பாருங்கன்னு. அவர் படிச்சுட்டு, வெளி லாரியோட பேட்டரிய யார் பெர்மிஷன்ல கழட்டுனது, ராத்திரி மழையில ஜம்ப் கேபிள் எங்க இருந்து வந்துச்சு, இது ரிஜிஸ்டர்ல ஏன் எழுதலைன்னு ஆரம்பிச்சுட்டார். அவர் கேட்டதுலயும் நியாயம் இருக்கு, ஜம்ப் குடுக்கறதுல ப்ளஸ் மைனஸ் மாறுனா பேனல் கன்ட்ரோலரே போயிரும், பேட்டரி பக்கத்துல பொறி பறந்தா கேஸ் பிடிச்சுக்கும். அந்த எலக்ட்ரீஷியன் இத யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்திருக்கார், எங்க பையன்தான் எங்கிட்ட சொன்னான், நான் பேரோட போட்டு லெட்டர்ஹெட்ல அடிச்சு முதலாளி கையிலயே குடுத்துட்டேன்.

உடனே போனேன். சேஃப்டி ஆபீசர பார்த்து, சார், அந்த நேரத்துல ஜம்ப் குடுக்கற அவசியம் வந்ததே எங்க தப்பாலதான், அவர் மேல நடவடிக்கை வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன், அப்பறம் நாங்களே ஒரு நாள் வந்து அவங்க மூணு ஷிப்ட் எலக்ட்ரீஷியனுக்கும் பேட்டரி ஜம்ப் எப்படி சரியா குடுக்கறது, எப்ப குடுக்கக்கூடாதுன்னு காட்டிக் குடுக்கறோம்னும், ஜம்ப் கேபிள் ஒரு செட் ஜெனரேட்டர் ரூம்ல மாட்டி வெக்கறோம்னும் சொன்னேன். மனுசன் ஒத்துக்கிட்டார், மெமோ எதுவும் போடல. ஆனா அந்த எலக்ட்ரீஷியன் எங்கிட்ட ரெண்டு மாசம் முகம் குடுத்துப் பேசல. நியாயம்தான். அவர்கிட்ட ஒரு வார்த்தை, அண்ணா உங்க பேர லெட்டர்ல போடட்டுமான்னு முன்னாடியே கேட்டிருந்தா அவரே வேண்டாம்னு சொல்லியிருப்பார். இப்ப யார் பேர போடறதா இருந்தாலும், என்ன செஞ்சாருன்னு எழுதப்போறதையும் சேத்து, அவர்கிட்ட போன்ல படிச்சுக் காட்டிட்டுத்தான் போடறது. நமக்கு உதவி பண்ண விசயம் அவங்க கம்பெனி ரூலுக்கு வெளிய இருக்கலாம், ஷிப்ட் முடிஞ்சும் நின்னு வேலை பார்த்திருக்கலாம், ஸ்டோர்ல எழுதாம ஒரு ஃபில்டர எடுத்துக் குடுத்திருக்கலாம், நமக்கு நல்லதா தெரியறது அவங்க மேலதிகாரிக்கு வேற மாதிரி தெரியும்.

அந்த ட்ரெயினிங் அரை நாள் நடந்துச்சு, காசு வாங்கல. அதுல வந்த ஒரு லாபம், அதுக்கு முன்னாடி அந்த ஷிப்ட் ஆளுங்களுக்கு எங்க பசங்க முகம் கூட சரியா தெரியாது, மெயின்டனன்ஸ் மேனேஜர் மூலமாத்தான் எல்லா பேச்சும். அதுக்கப்பறம் சின்னச் சின்ன விசயத்துக்கெல்லாம் அவங்களே பையனுக்கு போட்டோ அனுப்ப ஆரம்பிச்சாங்க, கூலன்ட் லெவல் கொஞ்சம் கம்மியா இருக்கு, பெல்ட்டுல நூல் பிரியுதுன்னு. பிரேக்டவுன் ஆகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுருது, ராத்திரி ஓட்டம் குறைஞ்சுது.

இப்ப எல்லா ரின்யூவலுக்கும் எழுதறோம். ஆனா எல்லாத்துக்கும் இப்படி எழுத வராது, அதையும் சொல்லிரணும். ஒரு ஸ்பின்னிங் மில்லுல வருசம் பூரா ஒரு பிரேக்டவுன் கால் கூட இல்ல, விசிட் போனோம், ஆயில் மாத்துனோம், வந்தோம். அங்க என்னத்த எழுதறது? மூணு வரிதான் எழுதுனேன், பன்னெண்டு விசிட்டுக்கும் கேட்டுல நிக்க வெக்காம உள்ள விட்டதுக்கும், ஒவ்வொரு தடவையும் லோடு போட்டுப் பார்க்க ஷெட்யூல் ஒதுக்கிக் குடுத்ததுக்கும் நன்றின்னு. கேக்க சின்ன விசயம்தான், ஆனா எத்தன மில்லுல லோடு டெஸ்டுக்கு அரை மணி நேரம் குடுக்க மாட்டாங்கன்னு இந்த தொழில்ல இருக்கறவங்களுக்கு தெரியும், லோடு இல்லாம சும்மா ஓட்டிப் பார்த்துட்டு ஓகேன்னு எழுதறதுல அர்த்தமே இல்ல. அந்த மேனேஜர் அடுத்த விசிட்டுல, நாங்க அத கவனிச்சு குடுக்கறோம்னு உங்களுக்குத் தெரியுதேன்னு சொன்னாராம். இல்லாத கதைய பெருசு பண்ணி நாலு பத்தி எழுதறதுக்கு இது எவ்வளவோ மேல்.

வேலைய சுலபமாக்க ஒண்ணு பண்றோம். மார்ச்ல உக்காந்து பன்னெண்டு மாச ஃபைல புரட்டறது கஷ்டம், பாதி மறந்துரும். அதனால ஒவ்வொரு பார்ட்டி ஃபைல்லயும் முன்பக்கம் ஒரு வெள்ளைப் பேப்பர் சொருகி வெச்சிருக்கோம், விசிட்டோ பிரேக்டவுனோ முடிச்சுட்டு வர்ற பையன் அதுல தேதியோட ஒரு வரி எழுதணும், அங்க யார் என்ன உதவி பண்ணாங்க, நாம எதுல சொதப்புனோம். முதல்ல ஒருத்தனும் எழுதல. வீட்டம்மா பெட்ரோல் பில்லு குடுக்கும்போது அந்த வரி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் காசு குடுக்க ஆரம்பிச்சாங்க, இப்ப எழுதறாங்க. எழுத்துப் பிழையோட, கரி கையோட, "செக்யூரிட்டி தாத்தா கொடை குடுத்தார்"னு ஒரு வரி பார்த்தேன். அந்த வரி அப்படியே அந்த வருச லெட்டருக்குப் போச்சு, தாத்தாகிட்ட கேட்டுட்டுத்தான்.

டையிங் யூனிட்டுக்கு திரும்ப வர்றேன். அடுத்த ரின்யூவலுக்கு எம்.டி.யே நேர்ல வரச் சொன்னார். போய் உக்காந்தா, மேசையில நான் குடுத்த லெட்டர், மடிப்பு விழுந்த காகிதம், அதுக்குப் பக்கத்துல அந்த வருச சர்வீஸ் ஷீட் பன்னெண்டும். சட்டைப் பையில போட்டுட்டுப் போனவர் தொலைச்சிருப்பார்னு நெனச்சிருந்தேன். ஒவ்வொரு ஷீட்டா தள்ளிக்கிட்டே வந்து ஜூலை மாச ஷீட்ல விரல வெச்சார்.

"நின்ன வோல்டேஜ் கட்டம் காலியா இருக்குங்களே."

பார்த்தேன், காலியாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு விசிட் போன நேரத்துல கரண்ட் கட்டு, செட்டு லோடுல ஓடிட்டிருந்திருக்கு, நிறுத்தவே முடியல, பையன் காலியா விட்டுட்டு வந்துட்டான், காரணமும் எழுதல, மறுநாள் போயும் பார்க்கல. நான் அத அப்படியே சொன்னேன். அவர் பேனாவ எடுத்து அந்த கட்டத்துல ஒரு வட்டம் போட்டுட்டு, "இந்த வருச லெட்டர்ல இதையும் எழுதிருங்க" அப்படின்னுட்டு பி.ஓ.ல கையெழுத்து போட்டார். ரேட்டப் பத்தி அவர் பேசவே இல்ல, பர்ச்சேஸ்காரர்தான் வெளிய வந்தப்பறம் ஒரு ரெண்டு பர்சென்ட் கொறச்சுக்குங்கன்னு கேட்டார்.